நாக்கில் மின்னல் அடித்த ஊசி

கேள்வி: டாக்டர், வணக்கம். வயது 42. வீட்டிலிருந்தே சமைத்துக் கொடுக்கும் தொழில் செய்கிறேன். மூன்று வாரத்துக்கு முன் வலது கீழ்க் கடைவாய்ப்பல்லுக்கு வேர் சிகிச்சை தொடங்கினார்கள். வாயின் பின்பக்கம் ஊசி இறங்கும்போது நாக்கில் சுரீரென்று கரண்ட் அடித்தது. அப்புறம் உதடு நன்றாக மரத்தது. ஆனாலும் பல்லைத் தொட்டதும் துள்ளிவிட்டேன். பல்லின் பக்கத்திலேயே இன்னும் இரண்டு மூன்று சின்ன ஊசி போட்ட பிறகுதான் வலி நின்றது. அன்று ராத்திரி உதடு சரியாகிவிட்டது. நாக்கின் வலது பாதி மட்டும் இன்னும் மரத்தே இருக்கிறது, அந்தப் பக்கம் உப்பு காரம் சரியாகத் தெரியவில்லை. மறுநாளிலிருந்து ஒரு வாரம் வாயை இரண்டு விரல் அளவுக்கு மேல் திறக்கவும் முடியவில்லை. முன்பு மேல்பல்லுக்குப் பார்த்தபோது பல் பக்கத்தில் ஒரு சின்ன ஊசியோடு முடிந்தது. இப்போது ஊசியை இடம் தவறிப் போட்டுவிட்டார்களா? நாக்கு திரும்புமா? அடுத்த தடவை போகவே பயமாக இருக்கிறது.

பதில்:

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் ஊசி இடம் தவறவில்லை. நாக்கும் பெரும்பாலும் திரும்பிவிடும், ஆனால் வாரக் கணக்கில் அல்ல, மாதக் கணக்கில் பொறுக்க வேண்டியிருக்கலாம். இவ்வளவு தெளிவாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், எது மரத்தது, எது மரக்கவில்லை, எது எப்போது திரும்பியது என்று ஒன்றுவிடாமல் எழுதியிருக்கிறீர்கள். இந்த ஊசியைப் பொறுத்தவரை மரத்த இடம்தான் சாட்சி.

மேல்பல்லிலிருந்து தொடங்குகிறேன். மேல்தாடையின் கன்னப் பக்கத்து எலும்பு மெல்லியது, நுண்துளைகள் நிறைந்தது. பல்லின் வேர் நுனிக்கு நேராக ஈறும் கன்னமும் சேரும் மடிப்பில் ஒரு மில்லி மருந்து விட்டால், அது எலும்புக்குள் ஊறிப் பல்லின் நரம்பைச் சேர்ந்துவிடும். கீழ்க் கடைவாய்ப் பக்கத்தில் எலும்பின் வெளிச்சுவர் தடித்து இறுகியிருக்கும். அங்கே அதே மாதிரி ஊசி போட்டால் ஈறுதான் மரக்கும், பெரும்பாலும் பல் மரக்காது. அதனால் பல்லை விட்டுவிட்டு, அதற்கு நரம்பு வரும் வழியிலேயே மருந்தை வைக்கிறோம். இதைத்தான் நாங்கள் பிளாக் என்போம்.

அந்த வழி எங்கே இருக்கிறது? கீழ்த்தாடை எலும்பு காதை நோக்கி மேலே ஏறும் பகுதியின் உட்பக்கத்தில் ஒரு சின்னத் துளை உண்டு. கீழ்ப்பல் நரம்பு அந்தத் துளை வழியாக எலும்புக்குள் நுழைந்து, எல்லாக் கீழ்ப்பற்களுக்கும் கிளை கொடுத்துக்கொண்டே முன்னே வருகிறது. நரம்பு துளைக்குள் நுழையும் முன் மருந்து அதைத் தொட வேண்டும். டாக்டர் உங்கள் கன்னத்துக்குள் கட்டைவிரலை வைத்து, தாடை எலும்பின் முன்விளிம்பில் உள்ள பள்ளத்தைத் தடவிப் பார்த்திருப்பார். ஊசி நுழையும் உயரத்துக்கு அந்தப் பள்ளம்தான் அடையாளம். கீழ்ப்பற்களின் கடிக்கும் பரப்பிலிருந்து ஏறக்குறைய 6 முதல் 10 மில்லிமீட்டர் மேலே அது வரும். சிரிஞ்சு வாயின் எதிர்ப்பக்கத்து முன்கடைவாய்ப் பற்களின் மேலாகச் சாய்ந்து வரும். ஊசி 2 முதல் 2.5 சென்டிமீட்டர் உள்ளே போனதும் நுனி எலும்பில் முட்ட வேண்டும். முட்டியதும் ஒரு மில்லிமீட்டர் பின்னுக்கு இழுத்து, ரத்தம் வருகிறதா என்று உறிஞ்சிப் பார்த்து, ஒன்றரை மில்லி மருந்தை ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டு மெதுவாக விட வேண்டும்.

எலும்பில் முட்ட வேண்டும் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கல்லூரி மாணவனுக்கு இந்த ஊசி போட்டேன். எலும்பு தட்டுப்படவில்லை, கொஞ்சம் உள்ளே போனால் தட்டுப்படும் என்று நினைத்து மருந்தை விட்டுவிட்டேன். ஐந்து நிமிடத்தில் அவனுடைய ஒரு பக்கக் கண் மூடவில்லை, சிரிக்கச் சொன்னால் வாய் ஒரு பக்கம் கோணியது. உதடோ மரக்கவே இல்லை. ஊசி எலும்பைத் தாண்டிப் பின்னே போய், காதருகே உள்ள உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் மருந்து இறங்கிவிட்டது. முகத்தை அசைக்கும் நரம்பு அந்தச் சுரப்பிக்குள்ளேதான் கிளை பிரிகிறது. கண் காய்ந்துவிடாமல் இமையை மூடிப் பிளாஸ்திரி ஒட்டி, என் பக்கத்திலேயே உட்கார வைத்தேன். மூன்று மணி நேரத்தில் மருந்தின் வேகம் தணிந்து முகம் நேரானது. அன்று அவன் பல்லை நான் தொடவில்லை. உங்களுக்கு முகம் கோணவில்லை, உதடு நன்றாக மரத்தது. அதனால்தான் உங்கள் ஊசி சரியான இடத்தில் இறங்கியது என்கிறேன்.

இனி எது எதை மரக்க வைக்கிறது என்று பாருங்கள். எலும்புக்குள் போன நரம்பு, கடைசிக் கடைவாய்ப்பல் முதல் நடுக்கோடு வரை அந்தப் பக்கத்துப் பற்கள் எல்லாவற்றையும் கவனித்துக்கொள்கிறது. வழியில் முன்கடைவாய்ப் பற்களின் அருகே ஒரு துளை வழியாக வெளியே ஒரு கிளையை அனுப்புகிறது. அந்தக் கிளைதான் கீழுதட்டின் பாதிக்கும் தாடை முனைத் தோலுக்கும் போகிறது. ஆகவே உதடு தடித்தாற்போல் ஆனால், மருந்து பெரிய நரம்பைப் பிடித்துவிட்டது என்று அர்த்தம். நாக்கின் நரம்பு வேறு. அது எலும்புக்குள் போகாமல், நாங்கள் குறிவைக்கும் இடத்துக்குச் சற்று முன்னால், ஊசி நுழையும் மெல்லிய தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. நாக்கின் முன் மூன்றில் இரண்டு பங்கு, வாயின் அடித்தளம், பற்களின் உட்பக்கத்து ஈறு எல்லாம் அதன் பொறுப்பு. கடைவாய்ப் பற்களின் கன்னப் பக்கத்து ஈறுக்கு மூன்றாவதாக இன்னொரு நரம்பு உண்டு. அதற்குக் கடைசிப் பல்லின் பின்னால் கொஞ்சம் மருந்து தனியாக வைக்க வேண்டும்.

சரி, உதடு மரத்தும் பல் ஏன் துள்ள வைத்தது? கரண்ட் அடித்ததற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இரண்டும் ஒரே நாளில் நடந்ததால் ஒன்றை வைத்து இன்னொன்றைப் புரிந்துகொள்ளத் தோன்றும். உங்களுக்கு வேர் சிகிச்சை தேவைப்பட்டதே பல்லின் உள்நரம்பு அழற்சி கண்டு பொங்கியிருந்ததால்தான் என்று ஊகிக்கிறேன். ராத்திரி தூங்க விடாத வலி, சூடாக எதையாவது குடித்தால் தெறிக்கும் வலி இருந்ததா என்று நினைத்துப் பாருங்கள். அப்படிப்பட்ட பல்லில், வலியைக் கடத்தும் நரம்பிழைகளின் தன்மையே மாறிப்போகிறது. மின்துடிப்பைக் கடத்த அவை பயன்படுத்தும் வாயில்களில் ஒரு வகை பெருகிவிடுகிறது. லிக்னோகெய்ன் என்ற மரப்பு மருந்து மற்ற வாயில்களை எளிதாக அடைத்துவிடும், இந்த வகையை அவ்வளவு எளிதில் அடைப்பதில்லை. அதனால் உதட்டுக்குப் போகும் இழைகள் அடங்கிவிடும், பொங்கிய பல் அடங்காது. சிலருக்கு இன்னொரு காரணமும் உண்டு. பெரிய நரம்பு துளைக்குள் நுழையும் முன்பே பிரிந்துவிடும் ஒரு சின்னக் கிளை, தாடையின் உட்பக்கமாக வந்து கடைவாய்ப்பல்லைத் தொடுவதுண்டு. பிளாக் அதைத் தவறவிட்டுவிடும்.

நேரமும் ஒரு காரணமாக இருக்கலாம். உதடு நான்கைந்து நிமிடத்தில் மரத்துவிடும். பல்லின் உள்நரம்பு அடங்கப் பத்து பதினைந்து நிமிடம்கூட ஆகலாம். உதடு மரத்தவுடனே தொடங்கினால் நன்றாக இறங்கிய ஊசியும் தோற்றதாகத் தெரியும். நான் ஊசி போட்டுவிட்டு அடுத்தவரின் பல்லைப் பார்க்கப் போய்விடுவேன். திரும்பி வந்து, குளிரூட்டும் ஸ்பிரே தெளித்த பஞ்சை அந்தப் பல்லில் வைத்து, சில் என்று உறைக்கிறதா என்று கேட்பேன். உறைக்கவில்லை என்று நோயாளி சொன்னால்தான் துளைக்கும் கருவியைக் கையில் எடுப்பேன்.

உங்கள் டாக்டர் அதன்பிறகு செய்தது சரியான வேலை. உதடு ஏற்கெனவே மரத்திருக்கும்போது அதே பிளாக்கைத் திரும்பப் போட்டுப் பெரிய பயன் இல்லை. பல்லின் கன்னப் பக்கத்தில் ஆர்ட்டிகெய்ன் என்ற மருந்தை வைக்கலாம். அது லிக்னோகெய்னைவிட நன்றாக எலும்பில் ஊறும். பல்லுக்கும் அதைப் பிடித்திருக்கும் எலும்புக்கும் நடுவே உள்ள மெல்லிய இடைவெளியில், வேருக்குச் சுமார் 0.2 மில்லி வீதம் அழுத்தி விடலாம். கடைசி வழி, பல்லைத் திறந்தவுடன் உள்நரம்புக்குள்ளேயே ஒரு சொட்டு. அது ஒரு நொடி கடுமையாக வலிக்கும், பிறகு அடங்கிவிடும். உங்களுக்குப் போட்ட சின்ன ஊசிகள் இவற்றில் ஏதாவதாக இருந்திருக்கும்.

இப்போது நாக்குக்கு வருகிறேன். ஊசி நுழையும் பாதையின் முகப்பிலேயே நாக்கு நரம்பு இருக்கிறது என்று சொன்னேன் அல்லவா? வாயை அகலத் திறக்கும்போது அது கம்பி போல் இழுபட்டு நிற்கும். சாதாரணமாக நரம்புகள் ஊசி வந்தால் நழுவி விலகிக்கொள்ளும், இழுபட்ட நரம்பு விலக முடியாது. வாய்க்குள் இருக்கும் நரம்பைக் கண்ணால் பார்க்கவும் வழியில்லை, அடையாளங்களை வைத்துத்தான் போகிறோம். ஆகவே நூறு பிளாக் போட்டால் சில பேருக்காவது நாக்கில் கரண்ட் அடிக்கும், எவ்வளவு கைதேர்ந்தவர் போட்டாலும். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அன்று மாலையே நாக்கு சரியாகிவிடும். சிலருக்கு மட்டும் ஊசி நுனி நரம்பிழைகளைக் காயப்படுத்துகிறது, அல்லது நரம்பு உறைக்குள் ரத்தம் கசிந்து அழுத்துகிறது, அல்லது மருந்தே இழைகளை எரிச்சலூட்டுகிறது. இந்த மூன்றில் எது என்று வெளியே இருந்து கண்டுபிடிக்க முடியாது. கரண்ட் அடித்தவுடன் செய்ய வேண்டியது ஒன்றுதான். அதே இடத்தில் மருந்தை விடாமல் ஊசியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, திசை மாற்றிப் பிறகு விட வேண்டும். உங்கள் டாக்டர் அப்படிச் செய்தாரா என்பது உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. அவரிடமே கேளுங்கள். கேட்பதில் தவறில்லை.

ருசி குறைந்ததும் இதே கணக்கில்தான் வருகிறது. நாக்கின் முன்பகுதிக்கு ருசியைக் கொண்டுவரும் மெல்லிய நரம்பிழைகள் வேறொரு நரம்பிலிருந்து கிளம்பினாலும், கடைசி வழியில் நாக்கு நரம்போடு ஒரே உறைக்குள் ஒட்டிக்கொண்டுதான் வருகின்றன. அதனால் தொடு உணர்வும் ருசியும் சேர்ந்தே குறைந்திருக்கின்றன. நாக்கின் இடப் பாதியும், பின்பக்கம் மூன்றில் ஒரு பங்கும் வேறு நரம்புகளின் கையில் இருப்பதால் அவை நன்றாகவே இருக்கும். சமையலில் உப்பு பார்க்கும்போது இடது பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கொதிக்கும் குழம்பை மட்டும் வலது பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டாம், சுட்டது தெரியாமல் புண்ணாகிவிடும். வலது பக்கம் மெல்லும்போதும் நாக்கைக் கடித்துக்கொள்ளாமல் கவனமாக இருங்கள்.

எப்போது திரும்பும்? இப்படி மரத்தவர்களில் பெரும் பகுதியினருக்கு எட்டு வாரத்துக்குள் சரியாகிவிடுகிறது. நரம்பு உறை மட்டும் அழுத்தப்பட்டிருந்தால் சில வாரத்தில் திரும்பும். உள்ளே இழைகளே அறுந்திருந்தால் அவை புதிதாக வளர வேண்டும். நரம்பிழை ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். ஊசி போட்ட இடத்திலிருந்து நாக்கு நுனி வரை பத்து சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், நூறு நாள் ஆகிறது. மூன்று வாரத்தில் நுனி மரத்திருப்பதை வைத்து இது தீராது என்று முடிவு கட்ட வேண்டாம்.

காத்திருக்கும் நாளில் சும்மா இருக்க வேண்டாம், கணக்கு வையுங்கள். வாரம் ஒரு நாள் கண்ணாடி முன் நின்று, பஞ்சைத் திரித்து நாக்கின் வலது பக்கத்தில் பின்னிருந்து நுனி வரை தொட்டுப் பாருங்கள். எங்கே தொடுவது தெரிகிறது, எங்கே தெரியவில்லை என்று ஒரு நாக்கை வரைந்து அதில் குறியுங்கள், தேதி போடுங்கள். பிறகு பல் குத்தும் குச்சியால் மெல்லத் தொட்டு, குத்துவது தெரிகிறதா என்றும் பாருங்கள். மரத்த பகுதி சுருங்கிக்கொண்டே வந்தால் நல்ல செய்தி. அதற்கு முன்பே எறும்பு ஊர்வது போலவும் சுருக் சுருக்கென்றும் தோன்றலாம். அதைக் கண்டு பயப்பட வேண்டாம், இழைகள் விழிக்கும்போது அப்படித்தான் இருக்கும்.

நான் கவலைப்படுவது வேறொரு அறிகுறிக்கு. மரப்பு போய் அதற்குப் பதிலாக எரிச்சல், தொட்டாலே வலி, மிளகாய் பூசியது போன்ற உணர்வு வந்து நாளுக்கு நாள் கூடினால், எட்டு வாரம் காத்திருக்காமல் உடனே வாய் மற்றும் முகத்தாடை அறுவைச் சிகிச்சை நிபுணரைப் பாருங்கள். அந்த வலிக்கு நரம்பு வலிக்கென்றே உள்ள மாத்திரைகள் உண்டு, சாதாரண வலி மாத்திரைக்கு அது கேட்காது. எரிச்சல் இல்லாமல் வெறும் மரப்பாக இருந்தாலும், இரண்டு மாதத்தில் உங்கள் வரைபடம் கொஞ்சமும் மாறவில்லை என்றால் அவரிடமே போங்கள். அரசு பல் மருத்துவக் கல்லூரிகளில் இந்தத் துறை தனியாக இருக்கிறது. இடையில் வைட்டமின் பி12 மாத்திரை எழுதிக் கொடுத்திருப்பார்கள், சாப்பிடுவதில் கெடுதல் இல்லை. ஆனால் அதுதான் நரம்பை வளர்க்கிறது என்று உறுதியாகச் சொல்லும் ஆதாரம் பலமாக இல்லை. விலை கூடிய மாத்திரைகளைத் தேடி அலைய வேண்டாம். ஊசியால் வந்த மரப்புக்கு அறுவைச் சிகிச்சை பெரும்பாலும் யோசிக்கப்படுவதில்லை. ஞானப்பல் எடுக்கும்போது நரம்பு அறுபட்டால் தைக்கலாம், அது வேறு கதை.

வாய் திறக்க முடியாமல் போனதற்கும் நரம்புக்கும் தொடர்பில்லை. ஊசி போகும் பாதையில் வாயை மூடும் ஒரு தசை இருக்கிறது. அதில் ஊசி உரசினாலோ, சின்ன ரத்தக்குழாய் கசிந்தாலோ மறுநாள் தசை இறுகிவிடும். வழக்கமாக மூன்று விரலை ஒன்றன் மேல் ஒன்றாக வைக்கும் அளவு வாய் திறக்கும். இப்போது மூன்று விரல் நுழைகிறதென்றால் அந்தக் கவலையை விட்டுவிடுங்கள். இன்னும் இரண்டிலேயே நின்றால், கன்னத்தில் வெந்நீர் ஒத்தடம் இருபது நிமிடம், வெதுவெதுப்பான உப்புநீர்க் கொப்பளிப்பு, அப்புறம் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஐந்து நிமிடம் வாயைத் திறந்து மூடும் பயிற்சி. வலிக்குப் பயந்து வாயை அசைக்காமல் வைத்தால்தான் அது இறுகிப்போகும். காய்ச்சல், கன்ன வீக்கம், விழுங்கும்போது வலி ஏதாவது இருந்தால் மட்டும் அது கிருமித் தொற்றாக இருக்கலாம், அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

அடுத்த தடவைக்குக் கட்டாயம் போங்கள். பாதியில் விட்ட வேர் சிகிச்சை, மரத்த நாக்கைவிடப் பெரிய தொல்லையில் கொண்டுபோய் விடும். போனதும் ஊசியை எடுக்கும் முன்பே, நாக்கு இன்னும் மரத்திருக்கிறது என்று சொல்லி, உங்கள் வரைபடத்தைக் காட்டுங்கள். அவர் அதைக் குறித்துக்கொள்ள வேண்டும். முதல் நாளிலேயே உள்நரம்பு முழுவதும் எடுக்கப்பட்டிருந்தால், இந்தத் தடவை பிளாக்கே தேவைப்படாமல் போகலாம். ரப்பர் திரையைப் பிடித்து நிறுத்தும் கவ்வியைப் பல்லில் மாட்டும்போது ஈறில் வரும் வலிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊசி போதும், சிலருக்கு அதுகூட வேண்டாம். ‘பல் பக்கத்து ஊசியை வைத்துச் சமாளிக்க முடியுமா டாக்டர்?’ என்று கேளுங்கள். பிளாக் போட்டே ஆக வேண்டும் என்றால், 2 சதவீத லிக்னோகெய்ன் போதும் என்று சொல்லிப் பாருங்கள். ஆர்ட்டிகெய்ன் போன்ற 4 சதவீத அடர்த்தி உள்ள மருந்துகளைப் பிளாக்குக்குப் பயன்படுத்தும்போது நாக்கு மரப்பு கூடுதலாகப் பதிவாகியிருக்கிறது. உங்கள் விஷயத்தில் நான் அதைத் தவிர்ப்பேன். பல் பக்கத்தில் வைப்பதற்கு ஆர்ட்டிகெய்னில் அந்தத் தயக்கம் எனக்கு இல்லை.

ஊசி இறங்கும்போது மறுபடியும் நாக்கிலோ உதட்டிலோ கரண்ட் அடித்தால் அசையாமல் இடது கையை மட்டும் உயர்த்துங்கள். திடீரென்று தலையை இழுத்தால் ஊசி உள்ளே கீறிவிடும். கையை உயர்த்தினால் நிறுத்திவிட வேண்டும் என்று ஊசி போடும் முன்பே டாக்டரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.